மழைக்குப் பயந்து ஜன்னலை அடைத்த நவம்பர்

பாலக்கோடு பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மல்பெரி இருக்கிறது. எல்லாம் வி1 ரகம். ஓர் ஏக்கரில் குச்சி வெட்டிக்கொண்டிருக்கும்போது இன்னோர் ஏக்கர் தழைத்துக்கொண்டிருக்கும். அப்படி மாற்றி மாற்றி, 35, 40 நாளைக்கு ஒரு பேட்ச் வெண்பட்டுப் புழு எடுக்கிறோம். ஒரு பேட்சுக்கு 200 முட்டை. எங்கள் ஊரில் 200 முட்டை என்று சொன்னால் 200 தாய் அந்துப்பூச்சிகள் இட்ட முட்டைத் தொகுதி என்று அர்த்தம். ஒரு தொகுதியில் 500 முட்டை வரை இருக்கும். அதாவது கிட்டத்தட்ட ஒரு லட்சம் உயிர்.

புழு வளர்ப்புக்கு வந்த மூன்றாவது வருடம் நவம்பரில் ஒரு பேட்ச் எடுத்தேன். புழு சாகவில்லை. நோயும் வரவில்லை. 100 முட்டைக்கு 70 கிலோ கூடு கிடைத்தது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்கு வைத்தோம், ஓரளவு நல்ல விலைக்கே போனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த பேட்ச் கொண்டுபோனபோது, போன முறை எங்கள் கூட்டை வாங்கி நூல் எடுத்த ரீலர் ஐயா குவியலில் கையை விட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். ஏன் என்று கேட்டேன். "தப்பா நெனச்சுக்காதம்மா. போன தடவை உங்க கூடு பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. பேசின்ல போட்டா இழை ஓடவே இல்ல. அறுந்து அறுந்து போச்சு" என்றார். அன்றைக்குக் கிலோவுக்கு 120 ரூபாய் குறைவாகத்தான் விற்க முடிந்தது.

அந்த நவம்பரில் எங்கே தப்பு செய்தேன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதைத்தான் எழுதுகிறேன். முட்டையிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

முதல் இரண்டு வருடம் முட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து பொரிக்க வைத்தோம். 25 டிகிரி வெப்பம், 80 சதவீதம் ஈரப்பதம் கொடுத்தால் பத்துப் பதினோரு நாளில் பொரிக்கும். பொரிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் முட்டையின் ஒரு முனையில் ஊசிக்குத்து மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். மறுநாள் முட்டை முழுக்க நீலம் பூக்கும். அந்தப் புள்ளி தெரிந்ததுமே முட்டையைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி இருட்டில் வைத்துவிட வேண்டும். முந்திய முட்டை இருட்டில் பொறுத்திருக்கும், பிந்திய முட்டை அதற்குள் வந்து சேர்ந்துகொள்ளும். பொரிக்கும் நாள் அதிகாலையில் காகிதத்தைப் பிரித்து வெளிச்சம் காட்டினால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் ஒன்றாக எறும்பு மாதிரி வெளியே வரும். ஒரே நாளில் பொரித்தால்தான் ஒரே நாளில் தோலுரிக்கத் தூங்கும், ஒரே நாளில் கூடு கட்டும். இருட்டில் வைக்க மறந்தால் இரண்டு நாள் வித்தியாசத்தில் பொரித்து, கடைசிவரை ஒன்றோடொன்று ஒட்டாமலே போகும்.

இப்போது அந்த வேலை எங்களுக்கு இல்லை. இளம்புழு வளர்ப்பு மையத்தில், அதாவது சாக்கி சென்டரில், இரண்டாவது தோலுரிப்பு வரை அவர்களே வளர்த்துத் தருகிறார்கள். சின்னப் புழுவுக்கு 27, 28 டிகிரி சூடும் 85, 90 சதவீதம் ஈரமும் வேண்டும். பெரிய ஷெட்டில் அதைக் கொண்டுவருவது பெரும்பாடு. பொரித்த எட்டாம் நாள் புழுவை வாங்கி வந்து அடுக்கில் விடுகிறோம். எங்கள் ஷெட் 50 அடிக்கு 20 அடி. உள்ளே 5 அடி அகலம், 35 அடி நீளத்தில் நான்கு தட்டு அடுக்கு இரண்டு வரிசை.

புழு பெரிதாகப் பெரிதாக அதற்கு வேண்டிய சூடும் குறைந்துகொண்டே வரும், ஈரமும் குறைந்துகொண்டே வரும். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருப்பதைத்தான் ஒரு பருவம் என்கிறோம். மூன்றாம் பருவத்தில் 26 டிகிரி, 80 சதவீதம். நான்காவதில் 25 டிகிரி, 75. ஐந்தாவதில் 24 டிகிரி, 70. கூடு கட்டும்போது 24, 25 டிகிரியே இருக்கலாம், ஈரம் மட்டும் 60, 65க்கு இறங்கிவிட வேண்டும். இந்த எண்களை ஷெட் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன். அதில் டிகிரியை மட்டும் பார்த்தேன், சதவீதத்தைப் பார்க்கவே இல்லை. அந்த நவம்பரில் நடந்தது அதுதான்.

புழு வந்த மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. ராத்திரியில் ஷெட்டுக்குள் 20 டிகிரிக்கு இறங்கியது. எனக்குப் பயம். ஜன்னலுக்கெல்லாம் பாலித்தீன் ஷீட் அடித்தோம். ஹீட்டர் வாங்கி வைத்தோம். வாசல் பக்கம் கண் மட்டத்தில் தொங்கிய தெர்மாமீட்டர் 25 காட்டியது. நிம்மதியாகப் படுத்தேன்.

முதல் குளறுபடி நான்காம் பருவம் முடிந்து தூக்கத்துக்குப் போகும்போது தெரிந்தது. மேல் தட்டுப் புழு தூங்கிவிட்டது. அடித்தட்டுப் புழு இன்னும் இலை கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே நாள் பொரித்த புழுவுக்குள் எப்படி அரை நாள் வித்தியாசம் வந்தது என்று குழம்பினேன். இன்னொரு தெர்மாமீட்டரை எடுத்து மேல் தட்டில் படுக்கையை ஒட்டி வைத்தேன், 27. கீழ்த் தட்டில் வைத்தேன், 24க்கும் கொஞ்சம் கீழே. சூடான காற்று மேலே ஏறி நின்றுவிட்டது, ஜன்னலை அடைத்ததால் அது புரளவே இல்லை. வாசலில் காட்டிய 25 எந்தப் புழுவுக்கும் சொந்தமில்லாத 25.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். புழு நான்கு முறை தோலுரிக்கும். எல்லைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் இதை ஜுரம் என்பார்கள். உடம்புக்கு முடியாதவர் மாதிரி சாப்பிடாமல் கிடப்பதால் அந்தப் பேர் வந்திருக்கலாம். தூங்கப் போகும் புழுவைப் பக்கத்தில் பார்த்தால் தோல் இழுத்துக் கட்டியது போல் மினுமினுக்கும். இலையைச் சுற்றி வெறுமனே நகரும். கொஞ்சம் பட்டு இழையை விட்டுக் காலைப் படுக்கையில் ஒட்டவைத்துக்கொண்டு, முன் உடம்பைத் தூக்கி அப்படியே நின்றுவிடும். தலை சின்னதாக இருக்கும், அதற்குப் பின்னால் புதுத் தலை வெளுப்பாக ஒரு முக்கோணம் போலத் தெரியும். எழுந்த புழு வேறு மாதிரி. தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். தோல் பெரிய அண்ணன் சட்டையைப் போட்ட பையன் மாதிரி தொளதொளவென்று சுருங்கிக் கிடக்கும்.

நூற்றுக்குத் தொண்ணூறு புழு நின்றதும் இலையை நிறுத்திவிட வேண்டும். படுக்கை மேல் சுண்ணாம்புத் தூளைச் சல்லடையில் தூவிக் காயவிட வேண்டும். அப்புறம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எழும்வரை ஓர் இலைகூடப் போடக் கூடாது. நான்காம் தூக்கம் ஒரு நாளைத் தாண்டிக்கூடப் போகும். முதலில் எழுந்தது தலையை ஆட்டிக்கொண்டு தேடும்போது மனசு கேட்காது. என் அத்தை, "பசியில கெடக்குது, ரெண்டு குச்சி போடு" என்பார். போட்டால் என்ன ஆகும் என்றால், எழுந்தது தின்னத் தொடங்கும், தூங்குவது குச்சிக்கு அடியில் புதைந்துபோகும். அதன் தோல் உரிவதற்கு ஈரமில்லாத படுக்கையும் அசைவில்லாத இடமும் வேண்டும், அது இரண்டும் போய்விடும். அரை நாள் வித்தியாசம் ஒன்றரை நாளாக மாறும். எழுந்த புழு சில மணி நேரம் காத்திருந்தால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. எல்லாம் எழுந்ததும் படுக்கைக் கிருமிநாசினியைத் தூவி, அரை மணி நேரம் கழித்து முதல் இலை போட வேண்டும்.

அந்த நவம்பரில் மேல் தட்டுக்கு ஒரு நேரம், கீழ்த் தட்டுக்கு ஒரு நேரம் என்று தனித்தனியாக இலை போட்டு ஒருவாறு சமாளித்தேன். அது சரிதான். இரண்டையும் ஒன்றாக ஓட்டியிருந்தால் அந்த 70 கிலோவும் கிடைத்திருக்காது.

பிறகு ஐந்தாம் பருவம். ஒரு புழு வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்கை இந்த ஏழு நாளில்தான் தின்னும். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை குச்சியோடு வெட்டிப் போடுகிறோம். ஒரு குச்சியின் நுனி இந்தப் பக்கம் என்றால் அடுத்த குச்சியின் நுனி அந்தப் பக்கம், அப்போதுதான் கொழுந்தும் முற்றல் இலையும் எல்லாப் புழுவுக்கும் கலந்து கிடைக்கும். ராத்திரி வேளைக்கு அதிகமாகப் போட வேண்டும், விடியும்வரை தாங்க வேண்டும். உள்ளே நின்றால் ஓலைக் கூரையில் மழை பெய்வது போல ஒரு சத்தம் கேட்கும், புழு தின்னும் சத்தம்தான்.

வெளியிலும் மழை பெய்துகொண்டிருந்தது. வெட்டிய குச்சியில் தண்ணீர் சொட்டியது. பந்தலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஈரம் போன பிறகுதான் போட வேண்டும் என்று தெரியும். ஆனால் ஆள் இல்லாததால் நான்கைந்து வேளை உதறிவிட்டு அப்படியே போட்டுவிட்டோம். புழுக்கைக்கு நடுவில் ஈரம் தங்கியது. ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறியது, கண் எரிந்தது. புழுக்கையும் மிச்ச இலையும் நொதித்து வரும் அம்மோனியா அது. மனிதனுக்கே கண் எரிகிறது என்றால் உடம்பெல்லாம் துளை வழியாக மூச்சுவிடும் புழுவுக்கு எப்படி இருக்கும். அப்போதும் நான் ஜன்னலைத் திறக்கவில்லை. தெர்மாமீட்டர் 25 காட்டியதே!

ஏழாம் நாள் பழுத்தது. பழுத்த புழு இலையை விட்டுவிடும், உடம்பு கொஞ்சம் சுருங்கும், பச்சை போய் வெளிச்சத்தில் பிடித்தால் திராட்சைப் பழம் மாதிரி ஊடுருவித் தெரியும். புழுக்கை இளகிப்போகும். தலையை மேலே நீட்டி இடம் தேடும். பத்துப் பதினைந்து சதவீதம் அப்படித் தெரிந்ததும் புழு ஏறிக் கூடு கட்டும் பிளாஸ்டிக் நேத்ரிகையை எடுத்துப் படுக்கை மேலேயே விரித்துவிட்டோம். புழு தானே ஏறிக்கொள்ளும், பொறுக்கும் கூலி மிச்சம். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். வெயில் காலத்தில் அது பெரிய கெடுதல் செய்வதில்லை.

மழை நாளில் அதன் விளைவு என்ன என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். பழுத்த வெண்பட்டுப் புழு ஒன்று நாலு, நாலரை கிராம் இருக்கும். அதே புழு கட்டிய கூடு, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவோடு சேர்த்து 1.7 கிராம். மிச்சம் இரண்டரை கிராம் எங்கே போனது? கூடு கட்டத் தொடங்கும் முன் புழு கடைசியாக ஒரு முறை சிறுநீர் கழிக்கும். வயிற்றில் இருக்கும் புழுக்கை எல்லாம் வெளியேறும். நூற்கும்போது இழையில் இருக்கும் தண்ணீர் காற்றில் காயும். ஏறிய புழு 90,000 என்று வைத்துக்கொண்டால், மூன்றே நாளில் 200 கிலோவுக்கு மேல் ஈரமும் கழிவும் அந்த ஷெட்டுக்குள் இறங்குகிறது. நான் ஜன்னலை அடைத்து, அடியில் ஏற்கெனவே நொதித்த ஈரப் படுக்கையை வைத்து, அதற்கு மேல் அந்த 200 கிலோவையும் விட்டிருக்கிறேன்.

ரீலர் ஐயாவின் ஆலைக்கு நேரில் போனபோதுதான் அதன் பலனைக் கண்ணால் பார்த்தேன். அவரே கூப்பிட்டார், "வந்து பாத்துட்டுப் போம்மா, அப்பத்தான் புரியும்" என்றார். வெந்நீரில் வேகவைத்த கூட்டிலிருந்து இழை முனையை எடுத்து ஓடவிட்டார். நல்ல கூடு தண்ணீரில் குதித்துக் குதித்து உருளும், ஆயிரம் மீட்டர் வரை ஒரே இழையாக வரும். சுமாரான கூட்டில் இழை கொஞ்சம் ஓடும், கூடு தண்ணீரை விட்டு எழும்பி நிற்கும், அறுந்துவிடும். மறுபடி முனை தேட வேண்டும், தேடும்போதெல்லாம் பட்டு கழிவாகப் போகும். பட்டு இழை மேல் கோந்து மாதிரி ஒரு பசை இருக்கிறது. புழு எட்டுப் போட்டதுபோல் தலையை ஆட்டி ஆட்டி இழையை அடுக்கும்போது, காய்ந்த காற்றில் ஒவ்வோர் அடுக்கும் உடனே காய்ந்து, அடுத்த அடுக்கோடு லேசாக மட்டும் ஒட்டும். காற்று ஈரமாக இருந்தால் பசை காயாமல் கிடந்து அடுக்கோடு அடுக்கு அப்பிக்கொள்ளும். வெந்நீரில் போட்டாலும் விடாது. கூட்டை வெட்டி எடை போட்டால் பட்டுச் சதவீதம் 21, 22 என்று நன்றாகவே காட்டும். குறை எடையில் இல்லை, ஒட்டிக்கொண்ட விதத்தில் இருக்கிறது. அதனால்தான் முதல் ஏலத்தில் யார் கண்ணுக்கும் அது படவில்லை.

அடுத்த மழைக் காலத்துக்கு முன்னால் மூன்று காரியம் செய்தோம். முதலில் ஈர பல்பு, உலர் பல்பு இரண்டும் உள்ள தெர்மாமீட்டர் வாங்கி, நடுத் தட்டில் படுக்கை மட்டத்தில் மாட்டினேன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், இரண்டு பல்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். உலர் பல்பு 25 காட்டும்போது ஈர பல்பு 21 காட்டினால் ஈரப்பதம் 70 சதவீதம், ஐந்தாம் பருவத்துக்குச் சரி. வித்தியாசம் ஒன்றரைதான் என்றால் 88 சதவீதம், ஆபத்து. கூடு கட்டும்போது வித்தியாசம் ஐந்து இருக்க வேண்டும். ஈர பல்பின் திரியை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும், அழுக்கேறிய திரி பொய் சொல்லும்.

இரண்டாவது, காற்று. தரையை ஒட்டி இரண்டு பக்கமும் துவாரம் போட்டு, கூரைக்கு அடியில் காற்றை வெளியே தள்ளும் பழைய விசிறியை மாட்டினோம். புழு மேல் முட்டையிடும் ஊசி ஈ நுழையாமல் எல்லாவற்றுக்கும் நைலான் வலை. ஹீட்டர் ஓடும்போதும் மேல் ஜன்னலில் நான்கு விரல் திறந்தே இருக்கும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறேன். 23 டிகிரியில் காற்றோட்டத்தோடு இருக்கும் ஐந்தாம் பருவப் புழு, 26 டிகிரியில் மூச்சு முட்டும் புழுவை விட நன்றாக இருக்கிறது. அரை நாள் கூடுதலாகத் தின்னும், அவ்வளவுதான். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டது, தூக்கமும் ஒன்றாக வருகிறது.

மூன்றாவது, மழைக் காலத்தில் படுக்கை மேல் நேத்ரிகை விரிப்பதை நிறுத்தினோம். பழுத்ததைப் பொறுக்கி, முன்னால் இருக்கும் திண்ணையில் தனியாக விரித்த நேத்ரிகையில் விடுகிறோம். சதுர அடிக்கு 40, 45 புழு, அதற்கு மேல் விட்டால் இரண்டு புழு சேர்ந்து இரட்டைக் கூடு கட்டிவிடும். அடியில் பழைய செய்தித்தாள். மறுநாள் அந்தத் தாளைத் தூக்கினால் தண்ணீரில் முக்கி எடுத்தது போல் கனக்கும். அதைச் சத்தமில்லாமல் உருவி எடுத்துவிட்டு வேறு தாள் போடுகிறோம். நேரடியாக வெயிலும் பலத்த காற்றும் படக் கூடாது, படும் பக்கத்தை விட்டு எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். பொறுக்குவதற்கு நான்கு ஆள் கூலி ஆகிறது. குறைந்த விலையில் நான் விட்ட தொகையோடு பார்த்தால் அது சின்னத் தொகைதான்.

அறுவடையையும் அவசரப்படுத்துவதில்லை. ஏறிய ஐந்தாம் நாளே கூடு கெட்டியாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே கூட்டுப்புழுவின் தோல் மஞ்சளாக, தொட்டால் உடையும் பதத்தில் இருக்கும். அப்போது பிடுங்கி மூட்டையில் போட்டால் உள்ளே நசுங்கிக் கறை படியும். ஏழாம் நாள் காதருகில் வைத்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும். ஒன்றிரண்டை வெட்டிப் பார்த்துக் கூட்டுப்புழு பழுப்பு நிறத்துக்கு வந்திருந்தால் எடுக்கலாம்.

மறு நவம்பர் பேட்சில் 100 முட்டைக்கு 74 கிலோ வந்தது. எடையில் பெரிய வித்தியாசமில்லை. ஏலத்தில் அதே ரீலர் ஐயா குவியலில் கையை விட்டார், இந்த முறை தள்ளி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் போன் செய்து, அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டார்.

கோடைதான் இன்னும் முழுசாகக் கைக்கு வரவில்லை. கூரை மேல் தென்னங்கீற்று வேய்ந்து, ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டும் ஏப்ரல் கடைசியில் மதியம் 31 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஈரச் சாக்கால் சூடு குறைகிறது, ஆனால் கூடு கட்டும்போது அதே சாக்கு ஈரத்தை ஏற்றிவிடுகிறது. அதனால் புழு நேத்ரிகை ஏறியதும் சாக்கை எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கிறேன். அந்தச் சூட்டில் கட்டும் கூடு கொஞ்சம் இளக்கமாக, மேலே சுருக்கம் விழுந்துதான் வருகிறது. மே மாதப் பேட்சை 200 முட்டையிலிருந்து 150ஆகக் குறைத்து, மேல் தட்டைக் காலியாக விட்டுப் பார்த்தேன். பட்டுச் சதவீதம் ஒன்று கூடியது. இந்த வருடமும் அப்படியே செய்யப் போகிறேன், சாக்கி சென்டரில் 150க்குத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.